ஊரில் அப்பாவின் திதி, பிள்ளைகள் டொராண்டோவிலும் மெல்போர்னிலும்: கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: "அப்பாவின் மூன்றாம் வருடத் திதி கார்த்திகையில் வருகிறது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் நான் கொடுக்கிறேன். தம்பி டொராண்டோவில், தங்கை மெல்போர்னில். இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. 'இங்கிருந்தே என்ன செய்யணும், எத்தனை மணிக்குச் செய்யணும்?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன எழுதுவது?"

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்துறையில் கொடுப்பதை அவர்கள் வீடியோவில் பார்ப்பது ஒரு வேலை. அவர்கள் தங்கள் ஊரில் ஏதாவது செய்வது வேறு வேலை. குழப்பம் எல்லாம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கப் பார்ப்பதால்தான் வருகிறது. இங்கே காலை எட்டு மணிக்கு நீங்கள் எள்ளும் தண்ணீரும் விடுகிறீர்கள் என்றால் கனடாவில் அது முந்தைய நாள் இரவு. தம்பி அங்கே போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஐயர் சொல்லச் சொல்லத் தானும் இறைப்பார். பார்க்க நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கிரகண காலம் தவிர இரவில் சிராத்தமோ தர்ப்பணமோ செய்வதில்லை என்பது எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்கிற விதி. இரவில் பார்க்கலாம், கும்பிடலாம். இறைப்பது அவர் ஊர்ப் பகலில்தான்.

அடுத்தது நாள் கணக்கு. திதி என்பது சந்திரன் சூரியனை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகுவதற்கு ஆகும் காலம். அது ஏறத்தாழ 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நீளும். தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகம் முழுக்க ஒன்றுதான், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. திதி கொடுக்கும் நாளை முடிவு செய்ய, பகலை ஐந்தாகப் பிரித்து நான்காம் பங்கை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அபராண்ணம் என்று பெயர். அந்த நேரத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் அன்றைய சிராத்தத் திதி. பகலின் நீளம் ஊருக்கு ஊர் மாறுவதால் இந்த நான்காம் பங்கும் மாறும். நவம்பர் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் அது மதியம் ஒன்று பத்திலிருந்து மூன்றரை வரை. டொராண்டோவில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான் என்பதால், சுமார் ஒரு மணியிலிருந்து மூன்றுக்குச் சற்று முன்வரை. மெல்போர்னில் அப்போது கோடை நெருங்குகிறது, பகல் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். அங்கே இரண்டரையிலிருந்து ஐந்தரைக்குச் சற்று முன்வரை போகும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் கார்த்திகைத் தேய்பிறை தசமி திங்கள் இரவு 10.30க்குத் தொடங்கி செவ்வாய் இரவு 9.30க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் சந்தேகமே இல்லை, செவ்வாய்தான். நவம்பர் கடைசியில் டொராண்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். ஆகவே அங்கே தசமி திங்கள் பகல் 12 மணிக்குத் தொடங்கி செவ்வாய் காலை 11க்கு முடிந்துவிடும். திங்கள் மதியம் ஒரு மணிக்குத் தசமி இருக்கிறது, செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு ஏகாதசி வந்துவிட்டது. எனவே தம்பிக்குத் திங்கள்கிழமை. மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். தசமி அங்கே செவ்வாய் அதிகாலை 4க்குத் தொடங்கி புதன் அதிகாலை 3 வரை இருக்கும். தங்கைக்குச் செவ்வாய். ஊர்க் காலண்டரில் செவ்வாய் என்று போட்டிருக்கிறது என்பதற்காகத் தம்பி செவ்வாய் மதியம் லீவு போட்டு உட்கார்ந்தால், திதி போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, கோடை நேர மாற்றம். டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், பிறகு பத்தரை. மெல்போர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை, மற்ற மாதங்களில் நாலரை. போன வருடக் கடிதத்தில் இருந்த நேரத்தை அப்படியே எடுத்துப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகலாம். இன்னொன்று, பஞ்சாங்கம். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரம் சில மணி நேரம்கூட வேறுபடும். உங்கள் ஐயர் வாக்கியம் பார்த்து நாள் சொல்லியிருப்பார். தம்பி போனில் பார்க்கும் செயலி பெரும்பாலும் திருக்கணிதமாக இருக்கும். இருவரும் தனித்தனியே பார்த்துவிட்டு நாளைப் பற்றிச் சண்டை போடுவது இப்படித்தான். அதனால் அவரைத் தேடச் சொல்லாதீர்கள். வீட்டுப் பஞ்சாங்கத்தின் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் நீங்களே அவர்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.

இதுவரை சொன்னது கணக்கு, ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டால் அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இனி வருவதில் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் தன் ஊரில் திதி இருக்கும் நாளைக் கொள்ள வேண்டுமா, சொந்த ஊரில் கொள்ளும் நாளையே கொள்ள வேண்டுமா என்பதில் பெரியவர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். செய்பவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர்ச் சூரியனும் அந்த ஊர்ப் பகலும்தான் கணக்கு என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பகல் வேண்டும் என்று விதி வைத்துவிட்டு வேறு ஊர்ப் பகலை எடுத்துக்கொள்வது பொருந்தவில்லை. ஆனால் உங்கள் குடும்ப ஐயர் 'எல்லாரும் செவ்வாயே வையுங்கள்' என்றால் அதன்படி போங்கள். அண்ணன் ஒரு நாள், தம்பி ஒரு நாள் என்பதை அம்மாவால் தாங்க முடியாது என்றால் அதுவும் ஒரு காரணம்தான்.

தம்பி தனியாகச் செய்ய வேண்டுமா என்பதும் அப்படியே. பாகம் பிரியாத குடும்பத்தில் மூத்தவர் செய்தால் எல்லாருக்கும் சேரும், பிரிந்தவர்கள் அவரவர் செய்ய வேண்டும் என்பது சாஸ்திரம். நடப்பில் பல வீடுகளில் பிரிந்த பிறகும் மூத்தவர் மட்டுமே கொடுக்கிறார். பக்கத்தில் இருந்தால் தம்பி அண்ணனைத் தொட்டுக்கொண்டு உட்கார்வார். தூரத்தில் இருப்பவருக்கு அது இல்லை. சங்கல்பத்தில் ஐயர் தம்பி பெயரையும் சேர்த்துச் சொல்லலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு தம்பி கொடுத்தாகிவிட்டது என்று எந்த ஐயரும் உறுதி தருவார் என்று நினைக்கவில்லை. தம்பி அங்கே எளிய தர்ப்பணம் ஒன்று செய்துவிட்டு, அரிசி பருப்பு காய்கறியைத் தானமாகக் கொடுத்தால் எந்தப் பக்கமும் குறை இராது. சமைத்துப் போட முடியாதபோது பச்சையாகக் கொடுப்பது ஆம சிராத்தம், அதுவும் முடியாதபோது பணமாகக் கொடுப்பது ஹிரண்ய சிராத்தம். இரண்டும் சாஸ்திரத்தில் சொன்ன வழிகள், இன்று வசதிக்காகக் கண்டுபிடித்தவை அல்ல. மணமான தங்கை பிறந்த வீட்டுக்குத் தர்ப்பணம் இறைக்கும் வழக்கம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. படையல் போட எந்தத் தடையும் இல்லை.

படித்துறையில் வீடியோ எடுப்பதற்கு ஒரு வார்த்தை. அம்மா மண்டபம் காவிரியின் வடகரையில் இருக்கிறது. ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தாலே தெற்கு நோக்கியதாகிவிடும், பித்ருக்களுக்கு உரிய திசையும் அதுதான். கார்த்திகைக் காலையில் வெயில் தென்கிழக்கிலிருந்து வரும். போன் பிடிப்பவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றால் ஆற்றின் பளபளப்பில் நீங்கள் கருப்பு உருவமாகத்தான் தெரிவீர்கள். இரண்டு படி கீழே இறங்கி, பக்கவாட்டில் நின்று, உங்கள் கையையும் தாம்பாளத்தையும் நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பார்க்கிறவர்களுக்கு வேண்டியது அதுதான். பக்கத்திலேயே நாலைந்து குடும்பம் கொடுத்துக்கொண்டிருக்கும், ஐயர்கள் குரல் ஒன்றோடொன்று கலக்கும். ஆகவே ஐயர் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று நம்ப வேண்டாம். அடுத்த குடும்பத்தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். போன் பிடிப்பது கொடுக்கிறவர் வேலை இல்லை, அதற்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஐயரிடமும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், சிலருக்கு வீடியோ பிடிக்காது. கார்த்திகை மழைக்காலம் வேறு. காவிரியில் வெள்ளம் வந்தால் படித்துறையில் இறங்க விடமாட்டார்கள், அப்போது இடம் மாறும் என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

மேலே போட்ட கணக்கை வைத்தே கடிதத்தை இப்படி எழுதலாம். நாளையும் நேரத்தையும் உங்கள் பஞ்சாங்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள தம்பிக்கும் பாப்பாவுக்கும், அண்ணன் எழுதுவது. அப்பா திதி இந்த வருஷம் இங்கே செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு அம்மா மண்டபத்தில் கொடுக்கிறேன், முக்கால் மணி நேரம் ஆகும். பன்னிரண்டரைக்கு வீட்டில் படையல். ரெண்டு பேரும் வர முடியலையே என்று அம்மாவிடம் போனில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம், அவங்களுக்குத் தெரியும்.

"தம்பி, உனக்குத் திதி திங்கள்கிழமை. செவ்வாய் இல்லை. உன் ஊரில் திங்கள் பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கி செவ்வாய் காலை பதினொன்றுக்கு முடிகிறது. திங்கள் மதியம் ஒன்றிலிருந்து ரெண்டே முக்காலுக்குள் நீ தர்ப்பணம் பண்ணிவிடு. அரை நாள் லீவு போட்டால் போதும். காலையிலிருந்து சாப்பிடாமல் இரு, முடியாவிட்டால் பால் குடித்துக்கொள். குளித்துவிட்டு வேட்டி கட்டித் தெற்குப் பார்த்து உட்கார். ஒரு தாம்பாளம், ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு ஸ்பூன் கருப்பு எள் வேண்டும். வெள்ளை எள் ஆகாது. தர்ப்பை அங்கே கோயிலில் கேட்டால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மோதிர விரலில் தங்க மோதிரம் போட்டுக்கொள் என்று ஐயர் சொன்னார். வலது உள்ளங்கையில் கொஞ்சம் எள்ளை வைத்துத் தண்ணீரை விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வழிய விடு. விரல் நுனி வழியாக விடக் கூடாது, அது சாமிக்கு விடுவது. கோத்திரம், பெயர் சொல்லி அப்பாவுக்கு மூன்று தடவை, தாத்தாவுக்கு மூன்று, கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று. மந்திரம் தெரியவில்லை என்றால் 'இன்ன கோத்திரத்தில் பிறந்த, இன்ன பெயருள்ள என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறேன்' என்று தமிழிலேயே சொல்லு. மூன்று பேர் பெயரும் கோத்திரமும் தனித்தாளில் எழுதி இத்துடன் போட்டோ அனுப்பியிருக்கிறேன். தாம்பாளத்துத் தண்ணீரை சிங்க்கில் கொட்டாதே, வெளியே மரத்தடியில் ஊற்று.

"அதற்கப்புறம் சின்னதாகப் படையல் போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடலாம். அரிசி, பருப்பு, வாழைக்காய், பூசணிக்காய், வெல்லம் எல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டு அளவுக்குக் கோயிலில் கொடுத்துவிடு. கோயிலில் வாங்க மாட்டோம் என்றால் தட்சிணையாகக் கொடு. அன்று ராத்திரி ஒன்பதரைக்கு நான் இங்கே கொடுப்பது உனக்கு வீடியோவில் வரும். அப்போது பார்த்துக் கும்பிட்டால் போதும், மறுபடி எள்ளைத் தொடாதே. மைக்கை அணைத்து வை.

"பாப்பா, உனக்குச் செவ்வாய்தான். நான் கொடுப்பது உனக்கு மதியம் ஒன்றரைக்கு வரும். வேலையில் இருந்தால் விட்டுவிடு, பதிவு பண்ணி அனுப்புகிறேன். அம்மா இங்கே படையல் போடும்போது உனக்குச் சாயந்திரம் ஆறு மணி, அங்கே எட்டு வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அம்மாவோடு சேர்ந்தே நீயும் போடு. அப்பா படத்துக்கு முன்னால் இலை. நுனி அவருக்கு இடது கைப் பக்கம் வரணும், அதாவது பார்க்கிற உனக்கு வலப்பக்கம். சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம், அவருக்குப் பிடித்த பாகற்காய். வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய் வேண்டாம். நீ எதுவும் இறைக்க வேண்டாம், மாப்பிள்ளைக்கும் இதில் வேலை இல்லை. சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடுங்கள். எள், தர்ப்பை எல்லாம் இங்கிருந்து பார்சலில் கேட்காதே. உங்கள் ஊர் சோதனையில் விதை, புல் எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள்.

"காக்காய்க்கு இங்கே அம்மா வைப்பாங்க, எல்லாருக்கும் சேர்த்து அதுவே போதும். தம்பி, உங்கள் ஊரில் வெளியே சோறு வைக்க நகராட்சித் தடை இருக்கிறது, பால்கனியில் வைத்து வம்பில் மாட்டாதே. செலவில் உங்கள் பங்கு என்று கேட்டீர்கள். ஐயர் தட்சிணையும் படித்துறைச் சாமானும் என் செலவு. அன்றைக்குப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுகிறோம், அதை நீங்கள் ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள், கடைசி நாளில் அனுப்பினால் பேங்கில் நிற்கும். தம்பி, உன் வீட்டிலோ அங்கே இருக்கும் பங்காளி வீட்டிலோ குழந்தை பிறந்தாலும், யாராவது தவறினாலும் உடனே போன் பண்ணு. தீட்டு வந்தால் நாள் தள்ளும். மழை வெள்ளத்தில் படித்துறையை மூடினால் வேறு இடம் பார்ப்பேன், நாளும் நேரமும் மாறாது."

இவ்வளவு போதும். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், பெயர்த்தாளைக் கையால் எழுதியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். கொள்ளுத்தாத்தா பெயரில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், வீடியோவைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் 'அவர் பேர் என்ன?' என்று கேட்பார்கள். கோத்திரம் யாருக்கும் தெரியவில்லை என்றால் காசியப கோத்திரம் என்று சொல்வது வழக்கம். ஆனால் நீங்கள் படித்துறையில் ஒன்றும் தம்பி வீட்டில் வேறொன்றும் சொல்லிவிடாமல், முதலில் உங்கள் ஐயரிடம் கேட்டு ஒன்றை முடிவு செய்யுங்கள்.

தீட்டைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி வைத்ததற்குக் காரணம் உண்டு. டொராண்டோவில் பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தால் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் உங்களுக்கும் தீட்டு. யாரும் மறைத்துச் சொல்லாமல் விடுவதில்லை, அங்கே பிறந்ததற்கும் இங்கே திதிக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது. திதியன்று காலையில் வாழ்த்துச் செய்தி வந்து, ஐயரைத் திருப்பி அனுப்ப நேர்வது இப்படித்தான். தீட்டு கழிகிற நாளில் திதியைக் கொடுப்பது பொதுவான வழக்கம், எந்த நாள் என்பதை ஐயர் சொல்வார்.

ஹோமமும் பிராமண போஜனமும் வைத்து முழுச் சிராத்தம் செய்யும் வீடுகளுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே தர்ப்பணத்தின் இடம், சாப்பிடும் நேரம், விலக்கும் காய்கறி எல்லாம் வேறு, வீட்டு வாத்தியார் சொல்வதுதான் முடிவு. படித்துறையில் கொடுத்து வீட்டில் படைக்கும் வழக்கத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த வருடக் கடிதத்துக்கு இதையே பிரதி எடுத்துவிடாதீர்கள். திதி தொடங்கும் நேரம் மாறிவிடும், அப்போது தம்பிக்கு முந்தைய நாளுக்குப் பதில் உங்களோடு ஒரே நாள் வரலாம், தங்கைக்கு ஒரு நாள் தள்ளலாம். சில வருடங்களில் கார்த்திகை மாதத்துக்குள்ளேயே தேய்பிறை தசமி இரண்டு முறை வரும். பொதுவாக இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள் என்றாலும், புரட்டாசியிலேயே ஐயரிடம் நாளைக் கேட்டுக்கொண்டால் அவர்களும் லீவுக்குச் சொல்லிவைக்க நேரம் இருக்கும்.